வருமான வரி நோட்டீஸைத் தமிழாக்கும்போது பிரிவு எண், கெடு தேதி, அபராதத் தொகை மாறாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு வருமான வரித் துறையிலிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதித் தர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எத்தனை தாள்கள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ‘நோட்டீஸ்’ என்று ஒருமையில் சொல்வார்கள். ஆனால் ஒரு கணக்கு ஆய்வு முடிந்தபின் வருவது பெரும்பாலும் ஒரு கட்டு. 143(3) பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்ட மதிப்பீட்டு ஆணை அதில் இருக்கும். வரி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் காட்டும் கணக்குத் தாள் இருக்கும். பணத்தைக் கட்டச் சொல்லும் 156 பிரிவின் கேட்பு அறிவிப்பு இருக்கும். ‘டிமாண்ட் நோட்டீஸ்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வருமானம் குறைத்துக் காட்டப்பட்டிருப்பதாக அதிகாரி கருதினால், அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று கேட்கும் 274 பிரிவின் அறிவிப்பும் சேர்ந்து வரும்.

இவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே தமிழ்க் கடிதமாக எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் தனித் தமிழ்த் தாள் வேண்டும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் தேதியும் ஆவண அடையாள எண்ணும் (நோட்டீஸில் DIN என்று அச்சாகியிருப்பது) அப்படியே இருக்க வேண்டும். ஒரு தாளின் கெடு வேறு, இன்னொன்றின் கெடு வேறு. கலந்துவிட்டால் எந்தத் தேதி எதற்கு என்று பிறகு பிரிக்க முடியாது.

கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். 2022-23 மதிப்பீட்டு ஆண்டு, மாதச் சம்பளக்காரர், வயது அறுபதுக்கும் கீழ், பழைய வரிமுறை. அவர் காட்டிய வருமானம் 7,80,000 ரூபாய். அதற்குரிய வரி 71,240 ரூபாய் முழுவதும் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டுவிட்டது. அவர் காட்டாமல் விட்ட 2,20,000 ரூபாய் வட்டி வருமானத்தை அதிகாரி சேர்த்து, மொத்த வருமானம் 10,00,000 ரூபாய் என்று நிர்ணயிக்கிறார். கூடுதல் வரி 45,760 ரூபாய். ஆணையும் கேட்பு அறிவிப்பும் 04/03/2024 தேதியிட்டவை. மின்னஞ்சலில் அவருக்கு வந்து சேர்ந்தது 06/03/2024 அன்று. எண்களைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று நானே அமைத்த கணக்கு இது.

270A என்பதை 270அ என்று எழுதலாமா? முழுவதும் தமிழில் இருந்தால்தானே அழகு?

எழுதக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் தமிழாக்குங்கள், பிரிவு எண்ணை மட்டும் தொடாதீர்கள். எண்ணோடு ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தும் அந்த எண்ணின் பகுதிதான். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அப்பா ஆடிட்டரிடம் போவார். ஆடிட்டர் சட்டப் புத்தகத்திலோ வருமான வரித் தளத்திலோ தேடப்போவது 270A-வைத்தான். 270அ என்று எங்கும் இல்லை. அதைவிட மோசம், 234B-ஐ ஒருவர் ‘234ஆ’ என்பார், இன்னொருவர் ‘234பி’ என்பார். திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘234ஆ’ என்பது A-வா B-யா என்ற குழப்பம் வரும். 234A என்பது கணக்குத் தாக்கல் செய்யத் தாமதித்ததற்கான வட்டி, 234B முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாததற்கான வட்டி. இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள்.

ஒரே எழுத்து எவ்வளவு தூரம் புரட்டிப் போடும் என்பதற்கு இந்தக் கட்டிலேயே சான்று இருக்கிறது. 270A என்பது வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அபராதம் விதிக்கும் பிரிவு. 270AA என்பது அதே அபராதத்திலிருந்து விலக்குக் கேட்கும் பிரிவு. ஒரு A விடுபட்டால், ‘நீங்கள் விலக்குக் கேட்கலாம்’ என்ற வாக்கியம் அபராதப் பிரிவைச் சுட்டும் வாக்கியமாகிவிடும். தட்டச்சுச் செய்யும்போது கண்ணுக்கே தெரியாது. ஆடிட்டரின் கடிதம், பிந்தைய ஆணை என்று இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து வரும் தாள்களில், நான் A எழுத்துகளை விரல் வைத்து எண்ணுகிறேன்.

அடைப்புக்குறிகளும் அப்படித்தான். 270A(7) என்பது ஓர் அபராத விகிதம், 270A(8) என்பது அதன் நான்கு மடங்கு. 143(1) என்பது தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் தகவல், 143(3) என்பது விசாரணைக்குப் பிந்தைய ஆணை. ‘143-ஆம் பிரிவு’ என்று சுருக்கினால் எது வந்திருக்கிறது என்றே தெரியாது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘270A-இன்’, ‘270A-வின்’, ‘270Aவின்’ என்று ஒரே பக்கத்தில் மூன்று வடிவங்கள் வந்துவிடும். இதைத் தவிர்க்க எண்ணை முன்னால் வைத்து, ‘பிரிவு’ என்ற சொல்லைப் பின்னால் வைத்து, உருபை அந்தச் சொல்லில் ஏற்றுங்கள்: 270A பிரிவின்கீழ், 156 பிரிவின்படி, 220(2) பிரிவில் சொல்லியுள்ளவாறு. எண் தனியே தூய்மையாக நிற்கும், வாக்கியமும் தமிழாக ஓடும்.

u/s, r.w.s. என்றெல்லாம் சுருக்கெழுத்துகள் வருகின்றன. இவற்றையும் அப்படியே விடுவதா?

இவற்றைத் தமிழாக்கிவிடுங்கள். முதலாவது ‘பிரிவின்கீழ்’. இரண்டாவது ‘பிரிவுடன் சேர்த்து வாசிக்கப்படும்’. இரண்டாவதில் மட்டும் கவனம் தேவை. மூலத்தில் `u/s 143(3) r.w.s. 144B` என்று இருந்தால், தமிழில் ‘144B பிரிவுடன் சேர்த்து வாசிக்கப்படும் 143(3) பிரிவின்கீழ்’ என்று வரும். எண்களின் வரிசை தலைகீழாகிறது. நம் வாக்கிய அமைப்பு அப்படி, அதில் பிழை இல்லை. ஆனால் எது முதன்மைப் பிரிவு, எது துணை என்ற உறவு மாறக் கூடாது. வரிசையைக் காப்பாற்ற நினைத்து ‘143(3) பிரிவுடன் சேர்த்து வாசிக்கப்படும் 144B’ என்று எழுதினால், ஆணை எந்தப் பிரிவின்கீழ் பிறந்தது என்பதே மாறிப்போகும்.

வரி 45,760, வட்டி 10,968. கூட்டினால் 56,728. நோட்டீஸில் 56,730 என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பில் திருத்திவிடட்டுமா?

வேண்டாம். அது பிழையே அல்ல. கட்ட வேண்டிய தொகையைப் பத்தின் மடங்காக முழுமையாக்க வேண்டும் என்று 288B பிரிவு சொல்கிறது. 56,728-க்கு அருகில் இருக்கும் பத்தின் மடங்கு 56,730.

வட்டித் தொகையிலும் இதே போன்ற ஒன்று ஒளிந்திருக்கிறது. 234B வட்டி மாதத்துக்கு 1 சதவீதம். 2022 ஏப்ரலிலிருந்து ஆணை பிறந்த 2024 மார்ச் வரை 24 மாதங்கள்; மார்ச்சில் நான்கு நாள்தான் ஆகியிருந்தாலும் அது முழு மாதமாகவே கணக்கில் வரும். 45,760-க்கு 24 சதவீதம் என்று நீங்கள் பெருக்கிப் பார்த்தால் 10,982 ரூபாய் 40 காசு வரும். நோட்டீஸில் 10,968 இருக்கும். வட்டிக் கணக்கில் நூறு ரூபாய்க்குக் குறைவான உதிரியை விட்டுவிட வேண்டும் என்பது வருமான வரி விதிகளில் 119A விதி. ஆகவே 45,700-க்குத்தான் வட்டி.

நன்றாகக் கணக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள்தாம் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கணக்கு இடிக்கிறதே என்று ஒரு எண்ணைத் ‘திருத்துவார்கள்’. அதன்பிறகு தமிழ்த் தாளில் இருக்கும் தொகையும், பணம் கட்டும் பக்கத்தில் காட்டும் தொகையும் ஒத்துப்போகாது. தொகை இடிப்பதாகத் தோன்றினால் தனித் தாளில் குறித்துக்கொண்டு ஆடிட்டரிடம் கேளுங்கள். உண்மையாகவே அதிகாரி தவறாகக் கூட்டியிருந்தால் அதைச் சரிசெய்ய 154 பிரிவின்கீழ் மனு செய்ய வழி இருக்கிறது. அந்த மனுவுக்கு அடிப்படையே மூலத்தில் இருக்கும் தவறான எண்தான். நீங்கள் அதை அழகாகத் திருத்தி வைத்துவிட்டால், தவறு நடந்திருப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

காற்புள்ளியைப் பற்றி ஒரு வரி: மூலத்தில் `1117000` என்று புள்ளியே இல்லாமல் இருந்தால் 11,17,000 என்று நம் முறையில் பிரித்து எழுதலாம், ஆனால் இலக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு எழுதுங்கள். ‘11.17 லட்சம்’ என்று சுருக்க வேண்டாம்.

கட்ட வேண்டிய கடைசித் தேதி என்று எதுவுமே நோட்டீஸில் இல்லை. ‘30 நாட்கள்’ என்று மட்டும் இருக்கிறது. நானே தேதியைக் கணக்கிட்டுப் போடலாமா?

மொழிபெயர்ப்புக்குள் போடாதீர்கள். தனிக் குறிப்பில் போடுங்கள். போடத்தான் வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்கு வேண்டியது அதுதான்.

ஏன் இந்தப் பிரிவினை என்றால், அந்த 30 நாள் எதிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 220(1) பிரிவின்படி, கேட்பு அறிவிப்பு வரிதாரருக்குச் சார்பு செய்யப்பட்டதிலிருந்து 30 நாட்கள். அறிவிப்பில் அச்சிடப்பட்டிருக்கும் தேதியிலிருந்து அல்ல. ‘சார்பு செய்தல்’ நீதிமன்றத் தமிழ், எல்லோருக்கும் புரியாது. ‘உங்களுக்கு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட நாள்’ என்று எழுதினால் பொருளும் கெடாது, படிப்பவருக்கும் புரியும். ‘இந்த அறிவிப்பின் 30 நாட்களுக்குள்’ என்று மழுப்பி எழுதுவதுதான் ஆபத்து. படிப்பவர் தாளில் கண்ணுக்குத் தெரியும் ஒரே தேதியைப் பிடித்துக்கொள்வார்.

நம் எடுத்துக்காட்டில் அறிவிப்பின் தேதி மார்ச் 4. சேர்ந்த தேதி மார்ச் 6. சேர்ந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 5. அச்சுத் தேதியிலிருந்து எண்ணியவர் ஏப்ரல் 3 என்பார். இரண்டு நாள் முன்னதாகக் கட்டினால் நஷ்டமில்லையே என்று தோன்றும். ஆனால் அறிவிப்பு தாமதமாக வந்து சேரும்போது இந்த வித்தியாசம் இருபது நாளாகவும் ஆகலாம். கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று எண்ணி மேல்முறையீட்டையே கைவிட்டவர்கள் உண்டு. மேல்முறையீட்டுக்கும் அதே சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்துதான் 30 நாள்.

தேதியை எழுதும் முறையும் முக்கியம். 04/03/2024 என்பதை அப்படியே விடலாம், அல்லது ‘2024 மார்ச் 4’ என்று மாதப் பெயரோடு எழுதலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். சில கணினி நிரல்கள் மாதத்தை முதலில் வைத்து அதை ஏப்ரல் 3 என்று மாற்றிவிடும். 25/03/2024 போன்ற தேதி என்றால் அபத்தம் உடனே தெரிந்துவிடும். 04/03 போன்றவை சத்தமில்லாமல் மாறும்.

‘ஏப்ரல் 5-க்குள்’ என்று எழுதினால் போதாதா?

போதாது. ‘5-ஆம் தேதிக்குள்’ என்பதில் 5-ஆம் தேதி அடங்குமா என்று இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு பதில் வரும். ‘ஏப்ரல் 5 அன்றோ அதற்கு முன்போ’ என்று எழுதுங்கள். ‘ஏப்ரல் 6 முதல் 220(2) பிரிவின் வட்டி தொடங்கும்’ என்றும் குறிப்பில் சேர்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த வட்டி மாதத்துக்கும் மாதத்தின் ஒரு பகுதிக்கும் 1 சதவீதம். ‘மாதத்தின் ஒரு பகுதிக்கும்’ என்ற சொற்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கெடு முடிந்து ஒரு நாள் தாமதித்துக் கட்டினாலும் ஒரு மாத வட்டி, நம் கணக்கில் 567 ரூபாய், விழுவதற்குக் காரணமே அந்தச் சொற்கள்தான்.

கடைசியில் அபராதம் எவ்வளவு? நோட்டீஸ் முழுக்கத் தேடியும் தொகை கிடைக்கவில்லை. ஆனால் ஆணையில் அபராதம் பற்றி எழுதியிருக்கிறது.

தொகை இல்லாததற்குக் காரணம், அபராதம் இன்னும் விதிக்கப்படவில்லை. மதிப்பீட்டு ஆணையின் கடைசிப் பத்தியில் வழக்கமாக வரும் வாக்கியத்தின் பொருள் இவ்வளவுதான்: ‘வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்காக 270A பிரிவின்கீழ் அபராத நடவடிக்கை தனியே தொடங்கப்படுகிறது.’ தொடங்கப்படுகிறது என்பதை ‘விதிக்கப்படுகிறது’ என்று எழுதிவிட்டால் எல்லாம் தலைகீழ். 274 பிரிவின் அறிவிப்பு வந்து, வரிதாரர் பதில் சொல்லி, அதை ஏற்காமல் அதிகாரி தனி ஆணை பிறப்பித்த பிறகுதான் அபராதத் தொகை பிறக்கும். அதற்கென்று இன்னொரு கேட்பு அறிவிப்பும் வரும்.

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், உறவினர் ஒருவருக்காக அவசரமாக எழுதிக் கொடுத்த தாளில் ‘அபராதமும் விதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினேன். அவர் பதில் சொல்ல இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. வங்கியில் வைத்திருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்துவிட்டு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் மூலத்தை மறுபடி படித்தேன். அந்த ஒரு வினைச்சொல்லை அன்றிலிருந்து இரண்டு முறை படிக்காமல் நான் எந்தத் தாளையும் கொடுப்பதில்லை.

அடுத்து, ‘குறைத்துக் காட்டுதல்’, ‘பொய்யாகக் காட்டுதல்’ என்ற இரண்டு சொற்கள். 270A பிரிவில் இவை இரண்டும் தனித்தனி. வெறுமனே குறைத்துக் காட்டியதற்கு, அந்த வருமானத்துக்குரிய வரியில் 50 சதவீதம் அபராதம். இது உட்பிரிவு (7). உண்மையை மறைத்தல், பொய்யான பதிவுகள், ஆதாரமில்லாத செலவுக் கணக்கு போன்றவற்றால் குறைந்திருந்தால் 200 சதவீதம். இது உட்பிரிவு (8), அந்தச் செயல்களின் பட்டியல் உட்பிரிவு (9). நம் எடுத்துக்காட்டில் வரி 45,760. ஆகவே முதல் வகையில் 22,880 ரூபாய், இரண்டாம் வகையில் 91,520 ரூபாய். இரண்டுக்கும் ‘வருமானத்தைத் தவறாகக் காட்டியது’ என்ற ஒரே தொடரைப் பயன்படுத்தினால், எந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதுவது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்து கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்.

22,880, 91,520 ஆகிய இரண்டும் மூலத்தில் இல்லாத எண்கள். கேட்டால் வாயால் சொல்லுங்கள், தனிக் குறிப்பில் ‘அபராதம் விதிக்கப்பட்டால்’ என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் ஏற்றாதீர்கள்.

அப்படியென்றால் 270AA பற்றியும் தனிக் குறிப்பில்தான் எழுத வேண்டுமா?

ஆம், மூலத்தில் இல்லாத பட்சத்தில். ஆனால் அவசியம் எழுதுங்கள், ஏனென்றால் இதில் இரண்டு கெடுக்கள் பின்னிக்கிடக்கின்றன. விலக்குக் கோரும் விண்ணப்பத்தை, ஆணை கிடைத்த மாதம் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆணை கிடைத்தது மார்ச்சில். ஆகவே ஏப்ரல் 30 வரை. ஆனால் வரியையும் வட்டியையும் கேட்பு அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் கட்டியிருக்க வேண்டும், அதாவது ஏப்ரல் 5 அன்றோ அதற்கு முன்போ. ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கவும் கூடாது. உட்பிரிவு (9)-இன் செயல்களுக்காக நடவடிக்கை தொடங்கப்பட்டிருந்தால் விலக்குக் கிடைக்காது. ‘ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது’ என்று ஒரு தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தால், ஏப்ரல் 20 அன்று நிதானமாகப் பணம் கட்டிவிட்டு விலக்கை இழந்து நிற்பார்.

வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் மூன்றையும் ‘அபராதம்’ என்றே எழுதினால் எளிதாகப் புரியுமே?

பேச்சில் சரி, இந்தத் தாளில் கூடாது. 234B-யின் கீழ் வருவது வட்டி. கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு 234F-இன் கீழ் வருவது கட்டணம். 270A, 221 ஆகியவற்றின் கீழ் வருவதுதான் அபராதம். மேலே சொன்ன 270AA விலக்கு அபராதத்துக்குத்தான், வட்டிக்கு இல்லை. எல்லாவற்றையும் ‘அபராதம்’ என்று எழுதினால், 10,968 ரூபாயும் தள்ளுபடியாகும் என்று அப்பா நம்பிவிடுவார்.

வாக்கியங்களை எவ்வளவு நெருக்கமாகப் பெயர்ப்பது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

கேட்பு அறிவிப்பின் உடலை நான் இப்படி எழுதுவேன்:

> 1. 2022-23 மதிப்பீட்டு ஆண்டுக்கு ரூ. 56,730 உங்களால் செலுத்தப்பட வேண்டிய தொகை என்று நிர்ணயிக்கப்பட்டுள்ளதாக இதன்மூலம் உங்களுக்கு அறிவிக்கப்படுகிறது.
> 2. இந்த அறிவிப்பு உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் இத்தொகையைச் செலுத்த வேண்டும்.
> 3. மேற்சொன்ன காலத்துக்குள் செலுத்தாவிட்டால், அக்காலம் முடிந்தபின் தொடங்கும் நாள் முதல் ஒவ்வொரு மாதத்துக்கும் அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கும் 1 சதவீதம் தனிவட்டியை, 220(2) பிரிவின்படி நீங்கள் செலுத்தக் கடமைப்பட்டவர் ஆவீர்கள்.
> 4. மேற்சொன்ன காலத்துக்குள் செலுத்தாவிட்டால், உங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளித்த பிறகு, 221 பிரிவின்படி உங்கள்மீது அபராதம் விதிக்கப்படலாம். அது நிலுவையில் உள்ள வரியின் அளவு வரை இருக்கலாம்.

மூன்றாவது வாக்கியத்தில் ‘கடமைப்பட்டவர் ஆவீர்கள்’, நான்காவதில் ‘விதிக்கப்படலாம்’. மூலத்திலும் அப்படித்தான். வட்டி தானாக விழும், அதில் அதிகாரியின் விருப்பம் இல்லை. 221 அபராதம் அதிகாரி முடிவு செய்வது. இரண்டையும் ‘விதிக்கப்படும்’ என்று முடித்தால் நான்காவது வாக்கியத்தின் பயமுறுத்தல் பல மடங்காகிவிடும். இரண்டையும் ‘லாம்’ என்று முடித்தால் வட்டியைத் தவிர்க்கலாம் என்று தோன்றிவிடும். ‘வரியின் அளவு வரை’ என்பது உச்சவரம்பு. ‘வரியின் அளவுக்கு அபராதம்’ என்று எழுதுவது வேறு பொருள்.

புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே. பழைய பிரிவு எண்களைப் புதிய எண்களாக மாற்றி எழுதினால் படிப்பவருக்கு உதவியாக இருக்காதா?

உதவி இல்லை, இடைஞ்சல். 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. அதில் மொத்தம் 536 பிரிவுகள், எண்கள் முற்றிலும் வேறு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான மதிப்பீடுகள் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியே நடக்கும். 2022-23-க்கான ஆணை 270A என்று சொன்னால் அது 1961 சட்டத்தின் 270A-தான். தாளின் தொடக்கத்தில் ‘இதில் வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குரியவை’ என்று ஒரு வரி எழுதுங்கள். மூலம் எந்தச் சட்டத்தைச் சொல்கிறதோ அதை. இரண்டு சட்டங்களின் நோட்டீஸ்களும் ஒரே வீட்டுக்கு வரும் காலம் இது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வெறும் எண் எதையும் சுட்டாது.

இதே காரணத்துக்காக ‘மதிப்பீட்டு ஆண்டு 2022-23’ என்பதையும் ‘2021-22 நிதியாண்டு’ என்று மாற்ற வேண்டாம். வருமானம் ஈட்டிய ஆண்டு 2021-22 என்பது உண்மைதான். ஆனால் பணம் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான ஆண்டைத் தேர்ந்தால் பணம் வேறு கணக்கில் போய் நிற்கும், இந்தக் கேட்பு அப்படியே நிலுவையில் இருக்கும்.

மூலத்திலேயே பெயரோ எண்ணோ தவறாக இருந்தால்?

அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று குறியுங்கள். நிரந்தரக் கணக்கு எண், ஆவண அடையாள எண் ஆகியவற்றைக் கையால் தட்டாமல், கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டுங்கள். ஸ்கேன் செய்த தாள் என்றால் O எழுத்தும் 0 எண்ணும், I எழுத்தும் 1 எண்ணும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதி முடித்தபின் எப்படிச் சரிபார்ப்பது?

தமிழைப் படித்துப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. நன்றாக ஓடும் வாக்கியத்தில் தவறான எண் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நான் செய்வது இது. மூலத்தை எடுத்து, இலக்கம் வரும் ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் வட்டமிடுகிறேன். தமிழ்த் தாளிலும் அப்படியே. ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை வட்டம் என்று எண்ணி ஓரத்தில் எழுதுகிறேன். மேலே காட்டிய மாதிரியில் மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு வட்டம்: 1 சதவீதம், 220(2). மூலத்தில் அந்த விகிதம் எழுத்தால் இருந்தால் அதையும் ஒரு வட்டமாகவே எண்ண வேண்டும்.

எண்ணிக்கை ஒத்துப்போனபின், இன்னொருவர் மூலத்திலிருந்து எண்களை மட்டும் வாய்விட்டு வாசிக்க, நான் தமிழ்த் தாளில் டிக் அடிக்கிறேன். இலக்கம் இலக்கமாக: ‘ஐந்து, ஆறு, காற்புள்ளி, ஏழு, மூன்று, பூஜ்யம்’. ‘ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று முப்பது’ என்று வாசித்தால், 56,730-ஐயும் 56,370-ஐயும் களைத்த காது பிரித்துக் கேட்காது. உடன் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிடுவதால் எண் மட்டும் கண்ணில் படும்.

எண்கள் முடிந்ததும் வினைமுற்றுகளுக்கு ஒரு சுற்று. ‘வேண்டும்’, ‘லாம்’, ‘தொடங்கப்படுகிறது’, ‘விதிக்கப்படுகிறது’ ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டால் பெரிய பிழைகள் தப்பாது.

இந்தத் தமிழ்த் தாளை வைத்தே வரித் துறைக்குப் பதில் அனுப்பலாமா?

பதிலை மூலத்தை வைத்துத்தான் எழுத வேண்டும். ஆணையிலிருந்து மேற்கோள் காட்டுவதும், பத்தி எண் சொல்வதும் மூலத்தின்படி. அதனால்தான் மூலத்தின் பத்தி எண்களைத் தமிழிலும் அப்படியே வைக்கச் சொல்கிறேன். அப்பா தமிழ்த் தாளின் 4-ஆம் பத்தியில் விரலை வைத்து ‘இது உண்மை இல்லை’ என்று சொன்னால், ஆடிட்டர் ஆங்கிலத் தாளின் 4-ஆம் பத்தியை உடனே திறக்க முடிய வேண்டும்.